15,000 ரூபாயில் எதை முதலில் வாங்குவது? ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், ஒளிர் உடை: கீழே விழும்போது எது எதைக் காக்கிறது

என் அக்காள் மகன் தாம்பரத்திலிருந்து ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலைக்கு 150 சிசி பைக்கில் வேலைக்குப் போய் வருகிறான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒருவழிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மூன்று வாரத்தில் ஒரு வாரம் இரவுப் பணி. நல்ல தலைக்கவசம் அவனிடம் இருக்கிறது. அதற்கு மேல் பாதுகாப்பு உடைக்கென்று 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். அந்தப் பணம் முழுவதையும் ஒரே நல்ல ஜாக்கெட்டில் போடுவதா, ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், ஒளிர் மேலாடை என்று நான்குக்கும் பிரித்துக்கொள்வதா என்று போன மாதம் என்னிடம் கேட்டான். கடைக்காரர் முதல் வழியைச் சொன்னாராம். நான் இரண்டாவதைச் சொன்னேன். அதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எதை வாங்கினாலும், வண்டியிலிருந்து விழுவதில் உடலுக்கு நேர்கின்ற இரண்டு வேறு வேறு காரியங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தரையில் மோதுவது, மற்றொன்று தரையில் இழுபடுவது. மோதலின் கடுமை வண்டியின் வேகத்தைவிட விழும் உயரத்தையே பெரிதும் சார்ந்தது. இருக்கையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே விழும் தோள், வண்டி 30இல் போனாலும் 80இல் போனாலும் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் தரையைத் தொடுகிறது. இழுபடுவது அப்படி அன்று. அது முழுக்க வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. தார்ச்சாலையில் உடையணிந்த உடல் தேய்ந்து நிற்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர் இரண்டு நொடிக்குச் சற்று மேல், சுமார் 15 மீட்டர் தூரம் இழுபடுவார். சாதாரண ஜீன்ஸ் துணி அந்தத் தேய்ப்பில் ஒரு நொடிகூடத் தாங்காது. மீதி நேரம் முழுவதும் தேய்வது தோல். வேகம் இரட்டிப்பானால் இழுபடும் தூரம் நான்கு மடங்காகும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. எதிரே வரும் லாரியிலோ, சாலை நடுத்திட்டிலோ, மரத்திலோ முழு வேகத்தில் மோதுவது அது. அதற்கு இங்கே பேசப்போகும் எந்த உடையும் பெரிதாக உதவாது. அந்த மோதல் நேராமல் தடுக்க முயல்வது ஒளிர் உடை ஒன்றுதான். அதனால்தான் மற்ற மூன்றோடும் அதை ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்தப் பிரிவினையை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. 2019ஆம் ஆண்டு ஒரு மழைக்கால விடியலில், செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில், ஒரு வளைவில் டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போயிருந்த ஈரமணலில் என் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் 50 இருக்கும். வலப்பக்கமாக விழுந்தேன். காற்று புகும் வலைத்துணி வைத்த மெஷ் ஜாக்கெட்டும் நல்ல கையுறையும் அணிந்திருந்தேன். காலில் இருந்தவை கேன்வாஸ் ஷூக்கள். எழுந்து பார்த்தபோது தோளில் ஒரு கன்றல்கூட இல்லை. வலது கையுறையின் உள்ளங்கைப் பிளாஸ்டிக் துண்டு பாதி தேய்ந்திருந்தது. கை முழுதாக இருந்தது. முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. வலது கணுக்கால் வண்டிக்கும் சாலைக்கும் நடுவே சிக்கி முறிந்திருந்தது. ஷூ பத்தடி தள்ளிக் கிடந்தது. ஒரே விழுகையில் உடலின் நான்கு இடங்களுக்கு நான்கு விதமான முடிவு. எதனால் அப்படி ஆயிற்று என்பதிலேயே இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதலில் ஜாக்கெட். அதில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. தோளிலும் முழங்கையிலும் உள்ள ஆர்மர் என்னும் திண்டு மோதலை வாங்குகிறது. வெளித்துணியும் தையலும் இழுபடுதலைத் தாங்குகின்றன. கடைகளில் நிகழும் பெரிய ஏமாற்றமும் இந்த இரண்டையும் குழப்புவதில்தான் தொடங்குகிறது. ஐரோப்பியத் தரச் சான்றான சி.இ.யைச் சொல்லி "சி.இ. சான்று பெற்ற ஆர்மர்" என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், உள்ளே இருக்கும் திண்டு சோதிக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். ஜாக்கெட்டின் துணியோ தையலோ சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. ஜாக்கெட்டே சோதிக்கப்பட்டிருந்தால் அதன் உட்புறத்தில் தைத்த துணிச் சீட்டில் பைக் ஓட்டியின் சிறு படமும், ஈ.என். 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், அதன் அருகே ஏ, ஏஏ, ஏஏஏ என்ற வகுப்பும் இருக்கும். தொங்கும் விலையட்டையை நம்பாமல், தைத்திருக்கும் சீட்டைத் தேடிப் படிக்க வேண்டும்.

அந்த வகுப்புகளின் பொருள் எளியது. சோதனைச்சாலையில் துணியைச் சுழலும் இயந்திரக் கையில் பொருத்தி, கான்கிரீட் பலகையின் மேல் இறக்கி, அது தேய்ந்து நிற்கும் வரை ஓட்டையாகிறதா என்று பார்க்கிறார்கள். தோள், முழங்கை போன்ற முதலில் தரையைத் தொடும் இடங்களில், ஏ வகுப்புத் துணி மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்கு நிகரான தேய்ப்பைத் தாங்க வேண்டும். ஏஏ வகுப்பு 70. ஏஏஏ வகுப்பு 120. மற்ற இடங்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும். பி வகுப்பு என்றால் ஏ வகுப்புத் துணிதான், ஆனால் ஆர்மர் இல்லை. சி வகுப்பு என்றால் ஆர்மரை உடலோடு பிடித்து வைக்கும் வலைச்சட்டை மட்டும். தேய்ப்புக்கு அதை நம்பக் கூடாது. வெயில் காலத்துக்கு ஏற்றது என்று சொல்லி இந்தச் சி வகுப்பு வலைச்சட்டையைச் சட்டையின் மேல் தனியாக அணியச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எலும்பை ஓரளவு காக்கும், தோலைக் காக்காது.

நம் ஊர் வெயிலில் காற்று புகாத ஏஏஏ தோல் ஜாக்கெட்டை ஏப்ரல் மாதப் பகல் இரண்டு மணிக்கு ஒருவன் அணிவான் என்று நான் நம்பவில்லை. வீட்டு ஆணியில் தொங்கும் ஜாக்கெட் யாரையும் காப்பதில்லை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018இல் தொடங்கிய மோட்டோகேப் என்னும் உடைத் தர மதிப்பீட்டில், பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரங்களும் வெப்பத்தில் அணியும் வசதிக்குத் தனி நட்சத்திரங்களும் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவு முக்கியமாக அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. ஆகவே மெஷ் ஜாக்கெட்டைத் தள்ள வேண்டாம். ஆனால் வலை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மார்பிலும் முதுகின் நடுவிலும் கையின் உட்புறத்திலும் வலை இருக்கலாம். தோளின் மேலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான வெளிப்பக்கத்திலும் அடர்ந்த துணியோ தோலோ இருந்தாக வேண்டும்.

என் முழங்கைத் தோல் போனதற்குக் காரணம் துணி அன்று, அளவு. ஜாக்கெட் ஒரு சுற்றுப் பெரியதாக இருந்தது. விழுந்தவுடன் கைப்பகுதி சுழன்று, திண்டு முழங்கையின் உட்புறத்துக்குப் போய்விட்டது. தரையைத் தொட்டது வலைப்பகுதி. கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஜாக்கெட்டை அணிந்து, கையை ஹேண்டில்பார் பிடிக்கும் நிலையில் மடக்கி, மறுகையால் முழங்கைத் திண்டைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் அது நகர்ந்தால் அந்த அளவு வேண்டாம், அல்லது மேற்கையில் இறுக்கும் பட்டை உள்ள ஜாக்கெட்டைத் தேடுங்கள். உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடலாம் என்று ஒரு அளவு கூடுதலாக வாங்கும் வழக்கம் இங்கே தேவையே இல்லை.

திண்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தி, அதுவும் நம் நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. கை கால் திண்டுகளுக்கான தரம் ஈ.என். 1621-1, அதில் இரண்டாம் நிலைத் திண்டு, முதல் நிலையைவிடக் கணிசமாகக் குறைந்த விசையையே உடலுக்குள் விடுகிறது. இப்போது விற்கும் மென்மையான திண்டுகள் பலவும் வெப்பத்தில் மேலும் இளகும் பொருளால் ஆனவை. இளகிய திண்டு மோதலை முழுதாக வாங்காது. 40 பாகை வெப்பத்திலும் சோதிக்கப்பட்டுத் தேறிய திண்டில் "டி+" என்ற குறி பதித்திருக்கும். திண்டை அதன் பையிலிருந்து வெளியே எடுத்தால்தான் இந்தக் குறி கண்ணில் படும். எடுத்துப் பார்க்கக் கேளுங்கள்; மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஜாக்கெட்டின் முதுகுப்புறத் திண்டுப் பையில் இருப்பது பெரும்பாலும் எந்தக் குறியும் இல்லாத மெல்லிய நுரைப்பஞ்சுதான். நல்ல முதுகுத் திண்டும் நேரடி அடியைத்தான் தணிக்கும். முதுகெலும்பு வளைந்தோ முறுக்கியோ அடிபடுவதை அது தடுக்காது.

கையுறையை நான் ஜாக்கெட்டுக்கு முன்னால் வைக்கிறேன். விழுகின்ற எவரும் யோசிக்காமல் செய்யும் முதல் செயல் கையை ஊன்றுவது. வெறுங்கையோ துணிக்கையுறையோ தார்ச்சாலையைத் தொட்டவுடன் பற்றிக்கொண்டு நிற்கிறது; உடல் மட்டும் முன்னே போகிறது. மணிக்கட்டு பின்னோக்கி மடங்க, கட்டைவிரல் அடியில் உள்ள படகு வடிவச் சிற்றெலும்பு முறிகிறது. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது. கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில நேரம் கூடாமலே போய்விடும். நல்ல கையுறையின் உள்ளங்கை அடியில் வழுக்கும் கடினப் பிளாஸ்டிக் துண்டு வைத்திருப்பது இதற்காகத்தான். தரையைப் பற்றாமல் கையை வழுக்கிக்கொண்டு போகச் செய்வதே அதன் வேலை. என் கையில் பாதி தேய்ந்திருந்தது அந்தத் துண்டு. விரல் முட்டியின் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் கூட்டைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் கையுறை தேர்ந்தெடுக்கிறார்கள். அது பக்கவாட்டு மோதலில் உதவும், உண்மைதான். ஆனால் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தபின்தான் முட்டிக்கு வர வேண்டும்.

கையுறைக்கான தரம் ஈ.என். 13594. ஒன்றாம் நிலைக் கையுறையின் உள்ளங்கை தேய்ப்புச் சோதனையில் 4 நொடி தாங்க வேண்டும், இரண்டாம் நிலை 8 நொடி. முட்டிப் பாதுகாப்பும் சோதிக்கப்பட்டிருந்தால் சீட்டில் "கே.பி." என்று இருக்கும். எனினும் எல்லாவற்றையும்விட முக்கியமானது, விழும்போது கையுறை கையிலேயே இருப்பது. மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டு, மறுகையால் நான்கு விரல் நுனிகளையும் பிடித்து வலுவாக இழுத்துப் பாருங்கள். கையுறை கழன்று வந்தால் அதன் தோலும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் பயனில்லை. பட்டையே இல்லாமல் வெறும் எலாஸ்டிக்கோடு வரும் கோடைக் கையுறைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். விரல் பாதியோடு நிற்கும் கையுறைகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

2008–2009இல் ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் கருத்தை உறுதிப்படுத்தியது. பைக்குக்கென்று செய்த ஜாக்கெட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 21 விழுக்காடு குறைவாக இருந்தது. கையுறை அணிந்தவர்களுக்கு 59 விழுக்காடு குறைவு. கையுறை அணிகிறவர் பொதுவாகவே நிதானமானவராக இருக்கலாம் என்பதால் அந்த வேறுபாடு முழுவதையும் கையுறைக்கே எழுதிவைக்க மாட்டேன். ஆனால் அதே ஆய்வில், விழுந்தவர்கள் அணிந்திருந்த பைக் ஜாக்கெட்டுகளில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று சாலையில் கிழிந்தோ ஓட்டையாகியோ போயின என்பதையும் பார்க்கும்போது, பைக் ஜாக்கெட் என்ற பெயருக்கு மட்டும் பணம் கொடுப்பது எவ்வளவு பிழை என்று தெரிகிறது.

அடுத்தது கால். விழுந்த பைக்கின் எடை 140 கிலோவுக்கு மேல்; அது சாய்கின்ற பக்கத்துக் கணுக்கால்தான் அதற்கு மெத்தை. பூட்ஸின் முதல் வேலை காலில் தங்குவது, இரண்டாவது கணுக்கால் குமிழ்களை மூடுவது, மூன்றாவது நசுங்காமல் இருப்பது. இந்த மூன்றாவதைத்தான் சாதாரணக் காலணிகள் எதுவும் செய்யாது. என் கேன்வாஸ் ஷூ முதல் வேலையிலேயே தோற்றுவிட்டது. பைக் பூட்ஸின் சீட்டில் ஈ.என். 13634 என்ற எண்ணுக்கு அருகில் ஒன்று அல்லது இரண்டு என்ற இலக்கங்கள் நான்கு வரிசையாக இருக்கும்: உயரம், தேய்ப்பு, வெட்டு, குறுக்கே அழுத்தினால் நசுங்காமை. அடியில் சிக்கும் காலுக்கு அந்த நான்காவது இலக்கமே முக்கியம். கடையில் அதை உணர வேண்டுமானால் பூட்ஸின் அடிப்பாகத்தைப் பாதம் அகலமாக இருக்கும் இடத்தில் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அழுத்துங்கள். எளிதில் குவிந்தால் அது வடிவத்தால் மட்டுமே பைக் பூட்ஸ்.

அத்தகைய குட்டைப் பூட்ஸ் 7,000 ரூபாய்க்குக் குறைந்து நல்லதாகக் கிடைப்பது அரிது. 15,000இல் அது பாதி. நான் சொன்ன மாற்று, கணுக்காலுக்கு மேல் வரும் கனமான தோல் பூட்ஸ், சுமார் 3,000 ரூபாய். நான் மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்விலும் பைக்குக்கென்று செய்யாத பூட்ஸ்கூட, சாதாரண ஷூவோடு ஒப்பிட்டால் பாத, கணுக்கால் காயங்களைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தது. இது முழுப் பாதுகாப்பு அன்று. நசுங்குவதை அது தடுக்காது. தேய்ப்பையும், காலணி கழன்றுவிடுவதையும், குமிழ் நேராகத் தரையில் அடிபடுவதையும் தடுக்கும். கயிற்று முடிச்சைப் பூட்ஸுக்குள் செருகிவிட வேண்டும். கியர் நெம்புகோலில் கயிறு மாட்டி, நிறுத்தத்தில் கால் ஊன்ற முடியாமல் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் கொடுக்கும் இரும்பு முனைக் காலணியையே போட்டுக்கொள்ளட்டுமா என்று மருமகன் கேட்டான். அவனுடையது கணுக்காலுக்குக் கீழே நின்றுவிடும் வகை. விரல்களைக் காக்கும், கணுக்காலுக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே வேண்டாம் என்றேன்.

ஒளிர் உடை விழுந்தபின் எதையும் காக்காது. சொல்லப்போனால் பனியனின் மேல் தனியாக அணிந்த மெல்லிய பாலியஸ்டர் மேலாடை உராய்வுச் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் இடம் எப்போதும் ஜாக்கெட்டின் மேல்தான். ஆனால் விழவே விடாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நியூசிலாந்தில் நடத்தி 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்த ஓட்டிகளுக்குக் காயம் விளைவிக்கும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 37 விழுக்காடு குறைவாக இருந்தது.

இதிலும் இரண்டு பொருள்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுபவை. பகலிலும், குறிப்பாக மேகமூட்டத்திலும் அந்திவேளையிலும், அவை சிறப்பாகத் தெரியும். இரவில் மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் அவை வெறும் வெளிர்நிறத் துணி. இரவில் வேலை செய்வது சாம்பல் நிறப் பிரதிபலிப்புப் பட்டை. அதுவும் ஹெட்லைட் நேராக அதன் மேல் படும்போது மட்டும். பின்னால் வரும் லாரிக்குத் தெரியும். பக்கத்துச் சந்தில் குறுக்கே திரும்பி நிற்கும் காருக்குத் தெரியாது. இரவுப் பணிக்குப் போகிறவன் நிறத்தைவிடப் பட்டையின் அகலத்தைப் பார்க்க வேண்டும். பட்டை நல்லதா என்று அறிய, இருட்டில் பத்தடி தள்ளித் தொங்கவிட்டு, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். விளக்குப்போல் எரிய வேண்டும். பல துவைப்புகளுக்குப் பின் மங்கினால் மாற்ற வேண்டும். முதுகுப்பை மாட்டினால் பின்பட்டை முழுவதும் மறைந்துவிடும் என்பதையும், மழைக்கோட்டின் உள்ளே போட்ட மேலாடைக்கு வேலையே இல்லை என்பதையும் அவனுக்கு இரண்டு முறை சொன்னேன்.

இப்போது அவனுடைய கணக்கு. கடைக்காரர் சொன்ன வழியில் 14,500 ரூபாய்க்கு ஏஏ வகுப்பு ஜாக்கெட் ஒன்று வரும். என் வழியில், உள்ளங்கைத் துண்டும் மணிக்கட்டுப் பட்டையும் உள்ள தோல் கையுறை 2,800. கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் 3,000. அகலப் பட்டையோடு மேலாடை 500. மீதமுள்ள 8,700க்கு ஏ வகுப்பு மெஷ் ஜாக்கெட், இரண்டாம் நிலைத் தோள், முழங்கைத் திண்டுகளோடு. ஏ வகுப்பு 45 கிலோமீட்டருக்கே சோதிக்கப்பட்டது. அவன் அந்தச் சாலையில் 60இல் போகிறான். ஆக, நீண்டு இழுபட்டால் அவனுடைய தோள் துணியில் ஓட்டை விழலாம். இதை அவனிடம் மறைக்கவில்லை. மறுபக்கம், ஏஏ ஜாக்கெட் மட்டும் அணிந்து வெறுங்கையோடும் செருப்போடும் விழுந்தால், காயம் படுவது ஓர் ஐயமாக இல்லாமல் உறுதியாகிவிடும். அதுவும் வேலைக்குப் போக வேண்டிய கையிலும் காலிலும். விடுமுறைகளில் ஏலகிரிக்கோ வால்பாறைக்கோ 90இல் நெடுந்தூரம் ஓட்டுகிறவன் கேட்டிருந்தால், கொஞ்சம் காத்திருந்து 21,000 சேர்த்து ஏஏ ஜாக்கெட்டோடு சேர்த்தே வாங்கு என்று சொல்லியிருப்பேன்.

கால்சட்டை இந்தப் பட்டியலில் இல்லையே என்று அவன் கேட்டான். இருக்க வேண்டியதுதான். இடுப்பும் முழங்காலும் தரையைத் தொடும் இடங்களில் முன்வரிசையில் நிற்பவை. அடுத்த போனஸில் முழங்கால் திண்டு உள்ள பைக் கால்சட்டை வாங்குவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை ஜீன்ஸுக்கு மேல் கட்டிக்கொள்ளும் முழங்கால் கவசத்தை என்னுடையதிலிருந்து கொடுத்தேன். போன சனிக்கிழமை கையுறையும் பூட்ஸும் மேலாடையும் வாங்கிவிட்டோம். ஜாக்கெட்டுக்கு அவன் அளவில் முழங்கைத் திண்டு நகராத ஒன்று முதல் இரண்டு கடைகளில் கிடைக்கவில்லை; இந்த வாரம் மூன்றாவது கடைக்குப் போகிறோம்.